நான்கு கீழே, ஒன்று தலையில்

"ஐயா, எங்கள் தோட்டத்து மாரியம்மன் கோயில் திருவிழாவுக்கு லாரியில் தேங்காய் வந்து இறங்கியது. நானும் என் நண்பனும் ஒவ்வொன்றாக எண்ணினோம். நூற்றுக்கு ஒரு காயை அடையாளத்துக்கு ஒதுக்கியும் வைத்தோம். எனக்கு 1,186 வந்தது, அவனுக்கு 1,203. வியாபாரியின் சீட்டில் 1,200. மூன்று மணி நேரம் போனதுதான் மிச்சம். அடுத்த முறை வேகமாகவும் தவறில்லாமலும் எண்ண வழி உண்டா?"

தம்பி, முதலில் அந்த 17 காய் வித்தியாசத்தைக் கொஞ்சம் விசாரிப்போம். நான் மலேசியாவில் பாகான் டத்தோ பக்கம் ஒரு தோட்டத்தில் பல ஆண்டுகள் கணக்கு எழுதும் கிராணியாக இருந்தவன். தென்னையும் செம்பனையும் கலந்த தோட்டம். கணக்கு ஒத்துவராதபோது மறுபடி எண்ணுவதற்கு முன் வித்தியாசத்தின் முகத்தைப் பார் என்று எனக்குப் பழைய பெரிய கிராணி சொல்லிக் கொடுத்தார். வித்தியாசம் சரியாக 10 என்றாலோ 100 என்றாலோ, எண்ணியவர் ஒரு பத்தையோ நூறையோ தாண்டிக் குதித்திருக்கிறார். காய்களில் பிழை இல்லை, வாயில்தான் பிழை. வித்தியாசம் ஒன்பதால் மீதியின்றி வகுபட்டால், எழுதும்போது இரண்டு இலக்கங்கள் இடம் மாறியிருக்க வாய்ப்பு உண்டு. 1,196 என்பதை 1,169 என்று எழுதிவிட்டால் 27 குறையும், 27 ஒன்பதின் மடங்கு. உங்கள் 17 இந்த இரண்டிலும் சேரவில்லை. அப்படியானால் அங்கே ஒன்று இங்கே ஒன்று என்று பல இடங்களில் ஒழுகியிருக்கிறது.

ஆனால் ஒரு பெரிய ஓட்டை எனக்குத் தெரிகிறது. நூற்றுக்கு ஒரு காய் ஒதுக்கினோம் என்கிறீர்கள். அந்தக் காய் நூறில் ஒன்றா, நூற்றொன்றாவதா? இதைத் தொடங்கும் முன்பே இருவரும் பேசி வைத்துக்கொண்டீர்களா? ஒருவர் நூறாவது காயையே அடையாளமாக வைத்து, மற்றவர் நூறு முடிந்தபின் குவியலில் இருந்து புதிதாக ஒன்றை எடுத்து வைத்து அதை எண்ணாமல் விட்டால், 1,186-இல் 11 நூறு இருப்பதால் 11 காய் அந்த இடத்திலேயே காணாமல் போகும். 17-இல் 11 இப்படிப் போனது என்றால் மிச்சம் 6 காய்தான் உண்மையான கவனக்குறைவு. இது என் ஊகம்தான், ஆனால் இந்தச் சண்டையை நான் பல தடவை கண்ணால் பார்த்திருக்கிறேன். அடையாளத்துக்கு எண்ணப்படும் பொருளையே வைக்காதீர்கள். தேங்காய் எண்ணும்போது தீக்குச்சியோ கூழாங்கல்லோ சுண்ணாம்புக் கோடோ இருக்கட்டும். காயின் வேலை எண்ணப்படுவது மட்டுமே.

ஒவ்வொன்றாக எண்ணுவது ஏன் தவறுகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன், அது தெரிந்தால்தான் நான் சொல்லப்போகும் முறை ஏன் அந்த வடிவத்தில் இருக்கிறது என்பது புரியும். ஒன்று, இரண்டு, மூன்று என்னும்போது வாயும் கையும் ஒன்றாக நடக்கின்றன. எழுநூற்று எழுபத்தெட்டு, எழுநூற்று எழுபத்தொன்பது என்று வந்துவிட்டால் வாய் ஒரு எண்ணைச் சொல்லி முடிப்பதற்குள் கை அடுத்த காயை எடுத்துவிடுகிறது. கை முந்துகிறது, நாக்கு பின்தங்குகிறது. அதோடு எழுபத்தொன்பதுக்கு அடுத்தது எண்பதா தொண்ணூறா என்று அரை நொடி தயங்கும் இடத்தில்தான் பத்து பத்தாகக் குதிப்பதும் நடக்கிறது. அந்த நேரம் பார்த்து யாராவது "அண்ணே, தேநீர் வந்திருக்கிறது" என்று கூப்பிட்டால் போதும், எழுநூறா எண்ணூறா என்பதே மறந்துவிடும்.

ஆகவே பெரிய எண்களை வாயில் சொல்லவே கூடாது. வாய் ஐந்துக்கு மேல் போகக் கூடாது. மற்றதையெல்லாம் தரையில் இருக்கும் வடிவமும் காகிதத்தில் இருக்கும் கோடும் நினைவில் வைத்துக்கொள்ளட்டும்.

ஏன் ஐந்து? நம் கண்ணுக்கு ஓர் எல்லை இருக்கிறது. ஸ்டான்லி ஜெவன்ஸ் என்ற ஆங்கிலேயப் பொருளியல் அறிஞர் கருப்பு அவரை விதைகளை ஒரு பெட்டிக்குள் வீசி, எண்ணாமல், பார்த்த மாத்திரத்தில் எத்தனை விழுந்தன என்று சொல்லிப் பார்த்தார். ஆயிரத்துக்கும் மேற்பட்ட முறை வீசி, முடிவை 1871-இல் வெளியிட்டார். மூன்றும் நான்கும் விழுந்தபோது அவர் ஒரு முறைகூடத் தவறவில்லை. ஐந்திலேயே தடுமாற்றம் தொடங்கிவிட்டது, அதற்கு மேல் போகப்போகத் தவறும் கூடியது. நான்கு வரை கண்ணே சொல்லிவிடும், ஐந்திலிருந்து எண்ண வேண்டும் என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் அவருடைய விதைகள் கண்டபடி சிதறிக் கிடந்தவை. ஐந்துக்கு ஒரு நிலையான உருவம் கொடுத்துவிட்டால் கதை வேறு. பகடையின் ஐந்தை யாரும் புள்ளி புள்ளியாக எண்ணுவதில்லை, நான்கு மூலை, நடுவில் ஒன்று என்று உருவமாகவே பார்க்கிறோம்.

தோட்டத்தில் இதை எந்தப் புத்தகமும் படிக்காமலேயே செய்து வந்தார்கள். செம்பனைக் குலை வெட்டுகிறவர் தான் வெட்டிய குலைகளைச் சாலையோர மேடையில் ஐந்தைந்தாக வரிசை பிடித்து, காம்பு மேலே பார்க்க அடுக்கி வைப்பார். காம்பின் வெட்டு முகத்தில் அவருடைய எண் எழுதியிருக்கும். வேலையை மேற்பார்க்கும் மண்டோரோ கிராணியோ வந்து வரிசையை மட்டும் எண்ணுவார். ஏழு வரிசை, ஓரத்தில் மூன்று உதிரி என்றால் 38 குலை. அந்த எண்ணில்தான் கூலி இருந்தது, அதனால் அடுக்குகிறவருக்கே அடுக்கைச் சரியாக வைக்க வேண்டும் என்ற அக்கறை இருந்தது. கூடைக்கணக்கில் ஒரு மேட்டைக் கொட்டி வைத்து "எண்ணிக்கொள்" என்று யாரும் சொன்னதில்லை.

இப்போது தேங்காய்க்கு வருவோம். குலையைப் போல் தேங்காயை வரிசையில் வைத்தால் அது உருண்டு ஓடும். அதோடு காய்கள் சிறிதும் பெரிதுமாக இருப்பதால், பக்கத்து வரிசையைவிட ஒரு வரிசை நீண்டிருக்கிறதா குட்டையாக இருக்கிறதா என்பதை வைத்துத் தவறைக் கண்டுபிடிக்கவும் முடியாது. பென்சிலோ செங்கல்லோ என்றால் அந்தச் சோதனை அருமையாக வேலை செய்யும். தேங்காய்க்கு வேறு உருவம் வேண்டும். உரித்த காய் நான்கைச் சதுரமாக நெருக்கி வைத்து, ஐந்தாவதை அந்த நான்கின் நடுப்பள்ளத்தில் தூக்கி உட்கார வையுங்கள். நான்கு கீழே, ஒன்று தலையில். மேலே இருப்பது தன் எடையால் கீழே உள்ளவற்றை அழுத்திப் பிடித்துக்கொள்ளும். வழவழப்பான சிமெண்ட்டு தரையில் கீழ்க் காய்கள் விலகப் பார்க்கும், அதனால் பழைய சாக்கை விரித்து அதன்மேல் வையுங்கள், அல்லது மணலில் வையுங்கள்.

போன ஆண்டு எங்கள் கோயிலில் இதை எப்படிச் செய்தோம் என்று அப்படியே சொல்கிறேன். வந்த சீட்டு உங்களுடையது போலவே 1,200 காய்க்கு. மூன்று பேர் நின்றோம். எண்ணாத குவியல் ஒரு பக்கம், எண்ணியது மறுபக்கம், நடுவே தரையில் ஒரு கயிறு. கயிற்றை இரண்டு பக்கமும் எதுவும் தாண்டக் கூடாது. உருண்டு வந்த காய் எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்று விவாதம் வந்தால் அங்கேயே கணக்கு கெட்டுவிடும்.

முதல் ஆள் குனிந்து கைக்கு ஒன்றாக, குடுமியைப் பிடித்து இரண்டு காய் எடுக்கிறார். இடக்கைக் காய் இடப்பக்கம், வலக்கைக் காய் வலப்பக்கம். இரண்டு பக்கத்திலும் ஒவ்வொரு கோபுரம் ஒரே நேரத்தில் எழுகிறது. முதல் சோடி வைக்கும்போது "லாபம்" என்கிறார், நெல் அளக்கும்போது ஒன்று என்று சொல்லாமல் லாபம் என்று தொடங்கும் நம் வழக்கம் அது. பிறகு இரண்டு, மூன்று, நான்கு. "ஐந்து" என்னும்போது இரண்டு கோபுரத்துக்கும் தலைக்காய் ஏறிவிடும். ஐந்து சொல், ஐந்து அசைவு, பத்துக் காய். மறுபடி "லாபம்" என்று பக்கத்தில் புதிய சோடிக் கோபுரம்.

இதில் ஓர் அழகு இருக்கிறது. எடுப்பவர் ஒரு தடவை ஒரு கையில் மட்டும் காய் கொண்டுவந்துவிட்டால், ஐந்து சொல்லும்போது ஒரு கோபுரம் முடிந்திருக்கும், மற்றது குறையாக நிற்கும். தவறு நடந்த அடுத்த சில நொடிகளில் கண்ணில் பட்டுவிடுகிறது. ஒவ்வொன்றாக எண்ணும்போது விட்டுப்போன காய் எந்தத் தடயமும் விடாமல் மறைகிறது, இங்கே அது ஒரு பள்ளமாகத் தெரிகிறது.

ஏமாற்றும் இடமும் ஒன்று உண்டு. மூன்று காயை முக்கோணமாக நெருக்கி வைத்தாலும் அதன் தலையில் ஒன்று நன்றாகவே உட்காரும். முன்னால் நின்று பார்த்தால் இரண்டு காயும் மேலே ஒன்றும்தான் தெரியும், பின்னால் இருப்பது ஒன்றா இரண்டா என்று தெரியாது. எங்களுக்கு ஏழாவதோ எட்டாவதோ பத்தில் அப்படி ஒரு கோபுரம் வந்தது. அதனால் இரண்டாவது ஆள் கோபுரத்தைப் பக்கத்தில் நின்று பார்க்கக் கூடாது, மேலிருந்து குனிந்து பார்க்க வேண்டும். மேலிருந்து பார்த்தால் தலைக்காயைச் சுற்றி நான்கு தோள்கள் தெரியும். மூன்று தோள் என்றால் கையை நீட்டி நிறுத்திவிடலாம்.

அந்த இரண்டாவது ஆளின் வேலை இதுதான்: ஐந்து சோடிக் கோபுரங்கள், அதாவது 50 காய் தரையில் சேர்ந்ததும் மேலிருந்து ஒரு பார்வை பார்த்து, அவற்றை ஒரு சாக்கில் போட்டு வாயைக் கட்டுவது. கட்டியதும் உரக்க "கட்டு" என்கிறார். மூன்றாவது ஆள் அந்தச் சத்தம் கேட்டபின்தான் காகிதத்தில் ஒரு கோடு போடுகிறார். சாக்கு நிரம்பத் தொடங்கும்போது கோடா, முடியும்போது கோடா என்பதைத் தெளிவாக வைக்காவிட்டால் ஒரே சாக்குக்கு இரண்டு கோடு விழும், அல்லது ஒன்றுமே விழாது. நான்கு கோடு நிமிர்ந்து, ஐந்தாவது அவற்றைக் குறுக்கே வெட்டி. அப்படி ஒரு கட்டுக்கு ஐந்து சாக்கு, 250 காய்.

முடிவில் காகிதத்தில் நான்கு முழுக்கட்டும் மூன்று தனிக்கோடும் இருந்தன. அது 23 சாக்கு. சுவரோரம் இருந்த சாக்குகளையும் எண்ணினோம், 23. கோடும் சாக்கும் தனித்தனியாக வந்த இரண்டு சாட்சிகள், இரண்டும் ஒத்துப்போனால்தான் அடுத்த வேலை. 23 ஐம்பது 1,150. தரையில் சாக்குக்குப் போதாமல் நின்றது நான்கு பத்து, அதோடு முடியாத ஒரு சோடிக் கோபுரத்தில் பக்கத்துக்கு மூன்று காய். 40, 6, ஆக 46. மொத்தம் 1,196. சீட்டுக்கு நான்கு குறைவு.

எடுத்து வைத்தவர் ஒரு தடவை குனிந்து எழ ஏறக்குறைய மூன்று நொடி. 598 தடவை குனிந்தார். அரை மணி நேரம். இடுப்பு வலிக்காமல் இருக்க நடுவில் ஆளை மாற்றினோம், மாற்றியது ஒரு சாக்கு கட்டி முடிந்த இடத்தில்தான். பத்தின் நடுவில் ஆள் மாறினால் புதியவர் "லாபம்" என்று தொடங்குவார், தரையில் ஏற்கெனவே இரண்டு சோடி இருக்கும். தொலைபேசி அடித்தாலும் அப்படித்தான், அந்தக் கோபுரத்தை முடித்துவிட்டு எடுங்கள். முடிக்க முடியாமல் போனால் பாதிக் கோபுரத்தைக் கலைத்து எண்ணாத பக்கம் தள்ளிவிடுங்கள். அதிகம் போனால் ஒன்பது காய் நஷ்டம், முந்நூறு காய் அல்ல. கூட்டம் கூட்டமாக எண்ணுவதில் எனக்கு மிகவும் பிடித்தது வேகம்கூட அல்ல, இடையில் விட்டுவிட்டுப் போகலாம் என்பதுதான்.

சரிபார்க்க எல்லாச் சாக்கையும் அவிழ்க்க வேண்டியதில்லை. எண்ணாத நான்காவது ஒருவரைக் கூப்பிட்டு, அவருக்குப் பிடித்த மூன்று சாக்கைக் காட்டச் சொன்னோம். அவரே கொட்டி எண்ணினார். மூன்றிலும் 50. ஒன்றில் 49 இருந்திருந்தால் எல்லாச் சாக்கையும் அவிழ்த்திருப்போம், ஏனென்றால் ஒன்று தவறியிருந்தால் நம் கை எங்கோ பழகிய தவறைச் செய்துகொண்டிருக்கிறது என்று பொருள். மூன்று சாக்கு சரி என்பது மற்ற இருபதும் சரி என்பதற்கு நிரூபணம் ஆகாது, அது எனக்குத் தெரியும். ஆனால் கோபுரத்தின் உருவம், சோடியின் ஒத்திசைவு, கோடும் சாக்கும் ஒத்தது என்று ஏற்கெனவே மூன்று வடிகட்டிகளைத் தாண்டி வந்த கணக்கு அது.

சரிபார்ப்பவரிடம் முந்தைய எண்ணைச் சொல்லிவிடாதீர்கள். இது சின்ன விஷயம் போலத் தெரியும். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு தோட்டத்தில் "சீட்டில் 800 இருக்கிறது, சரியா என்று பார்" என்று ஒரு பையனை அனுப்பினோம். 800 என்றே வந்து சொன்னான். மாலையில் சாக்குகளைப் பிரித்தபோது 788-தான் இருந்தன. அவன் பொய் சொல்லவில்லை. 780-ஐத் தாண்டியதும் மிச்சத்தைப் பார்த்து மனது 800-ஐ நோக்கி ஓடிவிட்டது. "இந்தச் சாக்கில் எத்தனை?" என்று மட்டும் கேட்க வேண்டும்.

தராசில் நிறுத்தால் இன்னும் வேகம் அல்லவா என்று உங்களுக்குத் தோன்றும். பொருள் உண்மையிலேயே ஒரே மாதிரி இருந்தால் அதைவிட நல்ல முறை இல்லை. ஆனால் உண்மையிலேயே ஒரே மாதிரி இருக்க வேண்டும். கோயில் உண்டியலில் விழும் பத்து சென் காசை எடுத்துக்கொள்ளுங்கள். 2012-இல் வந்த இப்போதைய காசு 2.98 கிராம், அதற்கு முந்தையது 2.82 கிராம். புதியது ஆயிரம் 2.98 கிலோ, பழையது ஆயிரம் 2.82 கிலோ. இரண்டையும் பிரிக்காமல் ஒன்றாகக் கொட்டி நிறுத்தால் ஆயிரத்துக்கு ஐம்பது காசுக்கு மேல்கூடப் பிசகலாம். முகத்தைப் பார்த்துப் பிரித்துவிட்டு நிறுத்தால் அச்சு அசலாக வரும். தேங்காயில் இரண்டு காய் ஒரே எடையில் இருப்பதே அபூர்வம். இருபது காயை நிறுத்துச் சராசரி எடுத்து மொத்த எடையை வகுத்தால், சுமார் எத்தனை என்று தெரியும், லாரியில் 1,200 இருக்கிறதா 900 இருக்கிறதா என்று சந்தேகம் வந்தால் அது போதும். நான்கு காய் குறைவு என்று வியாபாரியிடம் பேச அது உதவாது.

அழுகியது, ஓடு வெடித்தது என்று பார்த்துக்கொண்டே எண்ணாதீர்கள். ஆட்டிப் பார்ப்பதும் தட்டிப் பார்ப்பதும் வந்துவிட்டால் ஐந்து அசைவின் தாளம் போய்விடும், தாளம் போனால் சோடி தவறும். எல்லாவற்றையும் முதலில் எண்ணுங்கள். கெட்ட காயைச் சாக்கில் போடும்போது இரண்டாவது ஆளின் கைக்கே தெரியும், அப்போதும் எடுத்து ஒதுக்காமல் அதே சாக்கில் போட்டு, சாக்கின் மேல் சுண்ணாம்பில் ஒரு புள்ளி வைக்கட்டும். எங்களுக்கு 23 சாக்கில் இரண்டில் புள்ளி விழுந்தது. எண்ணிக்கை முடிந்தபின் அந்த இரண்டை மட்டும் அவிழ்த்துப் பார்த்தோம்.

இன்னொன்று. லாரி ஓட்டுநர் தேநீர் குடித்துவிட்டுப் புறப்படும் முன் கணக்கை முடித்துவிடுங்கள், அரை மணி நேரத்தில் முடிகிறது என்பதால் அவரும் காத்திருப்பார். சீட்டில் வெறும் 1,196 என்று எழுதிக் கையெழுத்து வாங்காதீர்கள். "23 சாக்கு, சாக்குக்கு 50, உதிரி 46, மொத்தம் 1,196" என்று எழுதுங்கள். வியாபாரி மறுநாள் தொலைபேசியில் "அதெப்படி நான்கு குறையும்?" என்று கேட்டார். வந்து எந்தச் சாக்கை வேண்டுமானாலும் பிரித்துப் பாருங்கள் என்றேன். அவர் வரவில்லை, அடுத்த லாரியில் நான்கு காய் கூடுதலாக வந்தது.